அத்தியாயம் 7: எட்டுக் கோடிக்கு ஆள் உண்டு, நாலு கோடிக்கு இல்லை

யாழ்ப்பாண நகரை அண்டி மூன்று மாடியில் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு தங்குவிடுதி. கட்டுபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். காசில் பாதி வங்கிக் கடன், மீதி கனடாவிலிருக்கும் மகன் அனுப்புவது. விலைமனுக்கள் திறந்த மறுநாள் காலை, கணக்குப் பார்க்கும் கியூ.எஸ். இளைஞரின் மேசைக்கு முன்னால் அவர் வந்து உட்கார்ந்தார். கையில் பி.ஓ.கியூ.வின் கடைசிப் பக்கம் மட்டும் இருந்தது. மகன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்ததும் அந்தப் பக்கத்தைத்தான்.

"தம்பி, பன்னிரண்டு கோடி எண்டு போட்டிருக்கு. அதுக்கு மேல போகாதுதானே?"

கியூ.எஸ். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அதற்கு முந்திய சுருக்கப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "ஐயா, இதில எட்டுக் கோடிக்கு ஒராள் பொறுப்பு நிக்கிறார். மிச்சம் நாலு கோடிக்கு இன்னும் ஒருத்தரும் விலை சொல்லேல்ல."

ஆசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சுருக்கப் பக்கத்தில் ஆறு வரிகளுக்கு எதிரே 'பி.எஸ்.' என்ற இரண்டு எழுத்து இருந்தது. மின் வேலை, லிப்ட், ஏசி, அலுமாரியும் சமையலறையும், அத்திவாரத்தில் பாறை உடைப்பு, மதிலும் முற்றமும். ஆறும் சேர்ந்து நாலு கோடி.

அந்த ஆறு வரிகளைக் கட்டுபவருக்கு எப்படி விளக்குவது என்பதே இந்த அத்தியாயம். விடுதி, பல வேலைகளில் நடந்தவற்றைச் சேர்த்து அமைத்த உதாரணம். அதன் விலைகள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை. ஒப்பந்த விதிகளும் வரி, நாணய விவரங்களும் உண்மையானவை.

விலை அல்ல, இடம்பிடித்த எண்

பி.ஓ.கியூ.வில் மூன்று வகைப் பணம் இருக்கிறது. மூன்றும் ஒரே நிரலில், ஒரே எழுத்தளவில் அச்சாகியிருப்பதால் கட்டுபவரின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்.

முதல் வகை, அளந்த வேலை. செங்கல் கட்டு இத்தனை சதுர மீற்றர், கொங்கிறீற் இத்தனை கன மீற்றர் என்று அளவு இருக்கும். அதற்கு எதிரே ஒப்பந்தகாரர் தன் கையால் அலகு விலை எழுதுகிறார். கடைசியில் அளவு கொஞ்சம் கூடிக் குறையலாம், ஆனால் அந்த அலகு விலைக்கு அவர் கட்டுப்பட்டவர்.

இரண்டாவது வகை, உத்தேச அளவு. வேலை என்னவென்று தெரியும், எவ்வளவு வரும் என்று தெரியாது. பட்டியல் தயாரிப்பவர் ஓர் அளவை ஊகித்து வைக்க, ஒப்பந்தகாரர் அதற்கும் அலகு விலை கொடுக்கிறார். வேலை முடிந்தபின் திரும்ப அளந்து காசு கொடுப்பார்கள். இங்கே தெரியாதது ஒன்றுதான்: அளவு.

மூன்றாவது வகைதான் புரொவிஷனல் சம். தளத்தில் பி.எஸ். என்பார்கள். இங்கே உத்தேசத் தொகை என்று எழுதுவோம். இதில் அளவும் இல்லை, அலகு விலையும் இல்லை. வரைபடம் முடியாத வேலைக்கு, மாதிரி தெரிவு செய்யாத பொருளுக்கு, பட்டியல் தயாரித்தவரே ஒரு தொகையை எழுதிவைத்துவிடுகிறார். ஒப்பந்தகாரர் அதைத் தொடுவதில்லை, கீழே கூட்டிக்கொள்கிறார். அவ்வளவுதான்.

உலகின் பல நாடுகளில் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தத்தின் 1999ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகத்தில் 13.5ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பொறியியலாளர் பணித்தால் மட்டுமே உத்தேசத் தொகையை முழுதாகவோ பகுதியாகவோ பயன்படுத்தலாம். அதற்கேற்ப ஒப்பந்த விலை மாற்றப்படும். அந்த மாற்றம் மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம். பட்டியலில் இருக்கும் தொகை உச்ச வரம்பு அல்ல. பணிப்பே கொடுக்காவிட்டால் அந்தக் காசு கட்டுபவரிடமே நிற்கும்.

ஆசிரியர் உடனே கேட்டார்: "அப்ப இது எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கி வைக்கிற காசுதானே?"

இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு, முதலிலேயே தெளிவாக்க வேண்டும். எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு, நடக்கலாம் அல்லது நடக்காமல் போகலாம் என்ற ஒன்றுக்காக. லிப்ட் அப்படியல்ல. விடுதிக்கு லிப்ட் நிச்சயம் வரும். அதன் விலைதான் நிச்சயமில்லை. ஆகவே உத்தேசத் தொகை சேமிப்புப் பெட்டி அல்ல, செலவாகியே தீரும் பணம். அதிலிருந்து மிச்சம் பிடித்து வேறு வேலை செய்யலாம் என்று திட்டமிடும் கட்டுபவர், ஒரே காசை இரண்டு தடவை செலவு செய்கிறார்.

மூன்று விலைமனுவிலும் ஒரே நாலு கோடி

விடுதிக்கு மூன்று ஒப்பந்தகாரர்கள் விலை கொடுத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் முதலாமவருக்கு 12 கோடி, இரண்டாமவருக்கு 12.32 கோடி, மூன்றாமவருக்கு 12.60 கோடி. முதலாமவரே குறைவு என்று ஆசிரியர் முந்திய இரவே முடிவெடுத்திருந்தார்.

அந்த மூன்று எண்ணுக்குள்ளும் அதே நாலு கோடி இருக்கிறது. போட்டி நடந்தது மீதிப் பணத்தில் மட்டும்: 8 கோடி, 8.32 கோடி, 8.60 கோடி. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு யாரும் யாரோடும் போட்டியிடவில்லை. உத்தேசத் தொகை பெருகப் பெருக, விலைமனு கோருவதன் பயன் அந்த அளவுக்குக் குறைகிறது. இது அதன் முதல் செலவு. இதற்குத் தனியாகப் பற்றுச்சீட்டு வராது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

இன்னொரு எண் கடைசிப் பக்கத்தில் இல்லை, பின்னிணைப்பில் இருக்கிறது. உத்தேசத் தொகையில் வாங்கும் பொருளுக்கும் துணை ஒப்பந்தகாரரின் வேலைக்கும் உண்மையில் கொடுத்த காசோடு, பிரதான ஒப்பந்தகாரரின் மேற்செலவுக்கும் இலாபத்துக்கும் ஒரு சதவீதம் சேரும். ஃபிடிக்கின் அதே பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. அந்தச் சதவீதத்தை எழுதுபவர் ஒப்பந்தகாரர். முதலாமவர் 20, இரண்டாமவர் 10, மூன்றாமவர் 8 என்று எழுதியிருந்தார்கள்.

லிப்ட்காரருக்கும் மின் வேலைக்காரருக்கும் போகும் காசு சரியாக நாலு கோடியாகவே முடிந்தது என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சதவீதம் முதலாமவருக்கு 80 இலட்சம், இரண்டாமவருக்கு 40 இலட்சம், மூன்றாமவருக்கு 32 இலட்சம். அதைக் கூட்டினால் வரிசை மாறுகிறது. முதலாமவர் 12.80 கோடி, இரண்டாமவர் 12.72 கோடி, மூன்றாமவர் 12.92 கோடி. நேற்று இரவு இரண்டாவதாக நின்றவர் இப்போது முதலில் நிற்கிறார்.

அனுபவமுள்ள ஒப்பந்தகாரர் சிலர் இதைத் தெரிந்தே செய்வார்கள். அளந்த வேலையில் விலையை இறக்கி, சதவீதத்தில் ஏற்றி வைப்பார்கள். மொத்தத்தை மட்டும் பார்க்கும் கட்டுபவரிடம் அது எடுபடும். விலைமனுக் கோரும்போதே, 'உத்தேசத் தொகையின் மேல் உங்கள் சதவீதத்தைப் பெருக்கி மொத்தத்தில் சேர்த்துக் காட்டுங்கள்' என்று பட்டியலில் ஒரு வரி வைத்தால் இந்த வித்தை நின்றுவிடும். விடுதியின் பட்டியலில் அந்த வரி இல்லை.

லிப்ட் வரியைத் திறந்து பார்த்தால்

ஆறையும் ஒரே நேரத்தில் விளக்கினால் கட்டுபவர் களைத்துப்போவார். ஒன்றை எடுத்து அடிவரை காட்டினால் மற்ற ஐந்தும் தானே விளங்கும். கியூ.எஸ். லிப்டை எடுத்தார்.

பட்டியலில் இருந்தது ஒரே வரி: 'பயணிகள் லிப்ட், மூன்று தளம், 90 இலட்சம்'. இந்த 90 எங்கிருந்து வந்தது என்று தேடினால், வரைபடம் போட்டவர் வேறொரு கட்டடத்துக்கு முன்பு வாங்கிய ஒரு மேற்கோள் விலையில் போய் நிற்கும். அது ஆறு பேர் ஏறும் லிப்டுக்கு, கொழும்பில் கொடுத்த விலை.

ஆசிரியருக்குச் சக்கர நாற்காலி உள்ளே போகவேண்டும், தன் மனைவிக்காக. அதற்குப் பெரிய பெட்டி வேண்டும். அந்த அளவுக்கு வாங்கிய புதிய மேற்கோள் 98 இலட்சம். அதன்மேல் இரண்டாம் ஒப்பந்தகாரரின் 10 சதவீதம், 9.8 இலட்சம்.

இனி, லிப்ட் நிறுவனம் தன் கடிதத்தின் அடியில் 'பின்வருவன எமது விலையில் அடங்காது' என்று போட்ட சின்ன எழுத்துப் பட்டியல். லிப்டின் அடிக்குழிக்கு நீர் புகாத பூச்சு. யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடங்களில் இது பெயருக்குப் பூசும் பூச்சாக இருக்க முடியாது. லிப்ட் ஓடும் கூட்டுக்குள் சாரம். கதவுச் சட்டம் பொருத்தியபின் சுவரைப் பூசிச் சரிசெய்வது. எல்லாம் சேர்த்து 6.5 இலட்சம். பிரதான பலகையிலிருந்து லிப்டுக்குத் தனி மூன்று பேஸ் கேபிளும் சுவிட்சும் 3.2 இலட்சம். மின் வேலைக்காரர் அது லிப்ட்காரர் பொறுப்பு என்று விட்டிருந்தார், லிப்ட்காரர் மின் வேலைக்காரர் பொறுப்பு என்று.

கூட்டினால் 117.5 இலட்சம். பட்டியலில் இருந்ததைவிட 27.5 இலட்சம் அதிகம். இதில் யாரும் ஏமாற்றவில்லை. 8 இலட்சம் கட்டுபவரின் தேவை மாறியதால் வந்தது. மீதி 19.5 இலட்சம், ஒப்பந்தகாரரின் சதவீதத்தையும் லிப்டோடு கூட வரும் வேலைகளையும் யாரும் முன்கூட்டிப் பட்டியலில் சேர்க்காததால் வந்தது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது முக்கியம். முதலாவது கட்டுபவரின் கையில் இருக்கிறது. இரண்டாவது பட்டியல் தயாரித்தவரின் பிழை, அதை அவர் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"வரி?" என்றார் ஆசிரியர்.

பட்டியலின் தொகைகள் எல்லாம் வற் வரிக்கு முந்தியவை. 18 சதவீதம் சேர்த்தால் லிப்ட் 138.65 இலட்சம். ஆசிரியரின் நினைவில் பதிந்திருந்ததோ 90.

டொலரின் பேரில் எழுதிய ரூபாய்

இலங்கையில் உத்தேசத் தொகைக்குள் போகும் பொருட்களில் பெரும்பாலானவை கப்பலில் வருபவை. லிப்ட், ஏசி, மின் பலகை, குளியலறைச் சாமான். பட்டியலில் ரூபாயில் எழுதியிருந்தாலும் அவற்றின் விலை உள்ளே டொலரில்தான் இருக்கிறது.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியபின், அதே ஆண்டு மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. 28,000 டொலர் விலையுள்ள ஒரு லிப்டை மார்ச் தொடக்கத்துக் கணக்கில் எழுதியிருந்தால் 56 இலட்சம். மே மாதத்தில் ஓடர் கொடுத்திருந்தால் 100 இலட்சத்துக்கு மேல். லிப்ட் மாறவில்லை, நிறுவனமும் விலையை ஏற்றவில்லை.

வரியும் அசையாமல் நிற்பதில்லை. 8 சதவீதமாக இருந்த வற் வரி 2022 ஜூனில் 12, செப்ரெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. பட்டியல் எழுதிய நாளுக்கும் லிப்டுக்குக் காசு கொடுக்கும் நாளுக்கும் இடையே ஒன்றரை வருடம் போவது சாதாரணம்.

அளந்த வேலையில் சீமெந்தோ கம்பியோ விலை ஏறினால், அந்த ஏற்றத்தை யார் எந்த அளவுக்கு ஏற்பது என்று ஒப்பந்தம் சொல்லும். உத்தேசத் தொகையில் அப்படிப் பங்கு பிரிப்பதற்கு ஒன்றுமில்லை. வாங்கிய விலையே விலை. ஆகவே இதைக் கட்டுபவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்: இந்தப் பொருட்களுக்கு நாணய மாற்றின் முழுச் சுமையும் அவருடையது. வங்கிக் கடன் ரூபாயில் இருப்பவருக்கு இது சுடும். மகன் டொலரில் அனுப்புகிறார் என்றால் அந்தப் பணத்தை இந்தச் செலவுகளுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். ஆசிரியர் இதைக் கேட்டதும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

முடிவெடுக்காத நாட்களின் விலை

உத்தேசத் தொகை, அந்தப் பொருளோடு மட்டும் நிற்பதில்லை. எந்த லிப்ட் என்று தெரியாமல் கூட்டின் உள்ளளவு தெரியாது. உள்ளளவு தெரியாமல் அந்தச் சுவருக்குக் கம்பி கட்ட முடியாது. லிப்ட் தெரிவு இரண்டு மாதம் பிந்தினால், அந்த மூலையில் மூன்று மாடியும் நிற்கும்.

அந்த இரண்டு மாதமும் தளக் காவலாளி, மேற்பார்வையாளர், வாடகைக்கு எடுத்த சாரம், தற்காலிக மின்சாரம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். மாதம் 8 இலட்சம் என்றால் 16 இலட்சம். தாமதம் கட்டுபவரின் முடிவால் வந்தது என்று ஒப்பந்தகாரர் காட்டிவிட்டால், காலநீடிப்போடு இந்தக் காசையும் கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இங்கிலாந்தின் அளவை விதிகள் இந்தச் சிக்கலுக்கு ஒரு கோடு போட்டிருக்கின்றன. 1988இல் வந்த எஸ்.எம்.எம். ஏழாம் பதிப்பு, உத்தேசத் தொகையை வரையறுத்தது, வரையறுக்காதது என்று இரண்டாகப் பிரித்தது. பின்னால் வந்த என்.ஆர்.எம். 2 விதிகளும் அந்தப் பிரிவைத் தொடர்ந்தன. வேலை என்ன, எதனால் செய்வது, கட்டடத்தில் எங்கே எப்படிப் பொருத்துவது, ஏறத்தாழ எவ்வளவு, என்ன கட்டுப்பாடுகள் என்று எழுதியிருந்தால் அது வரையறுத்தது. அப்போது ஒப்பந்தகாரர் தன் கால அட்டவணையிலும் தளச் செலவிலும் அதைக் கணக்கில் எடுத்துவிட்டதாகவே கொள்வார்கள். எழுதாவிட்டால் வரையறுக்காதது. அந்த வேலைக்கான நாட்களும் தளச் செலவும் பிறகு தனியாக வந்து சேரும்.

இலங்கையிலோ வளைகுடாவிலோ நடக்கும் வேலைக்கு இந்த விதி தானாகப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் எந்த அளவை விதி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் அந்த யோசனையைக் கடன் வாங்கலாம். 'லிப்ட், 90 இலட்சம்' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக எத்தனை பேருக்கு, கூட்டின் உள்ளளவு என்ன, எந்த மாதத்தில் பொருத்துவது, அடிக்குழிப் பூச்சும் சாரமும் யார் பொறுப்பு என்று ஐந்து வரி எழுதி, இவற்றை ஒப்பந்தகாரர் தன் கால அட்டவணையில் சேர்த்திருக்கிறார் என்று ஒரு நிபந்தனையும் வைத்தால், பின்னால் வரும் சண்டையில் பாதி இல்லாமல் போகும்.

பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு முடிவாகிவிடும். ஃபிடிக்கின் 2017 பதிப்பில் உத்தேசத் தொகை 13.4ஆம் பிரிவுக்கு வந்திருக்கிறது. அதன்படி, பொறியியலாளர் மேற்கோள் விலைகளைக் கேட்டு ஒப்பந்தகாரர் அவற்றைக் கொடுத்தபின், ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஒப்பந்தகாரர் தனக்கு விருப்பமான ஒன்றை ஏற்கலாம். கட்டுபவர் மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பத்து நாள் போனால், எந்த விலைக்கு வாங்குவது என்ற முடிவு அவர் கையைவிட்டுப் போய்விடும். இந்தப் பதிப்பில் ஒப்பமிடுபவருக்கு இதை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

எண்கள் ஏன் சிறிதாகவே பிறக்கின்றன

உத்தேசத் தொகை கூடியும் எழுதப்படலாம், குறைந்தும் எழுதப்படலாம். நடைமுறையில் குறைந்தே எழுதப்படுகிறது. காரணம் கணக்கில் இல்லை, மனிதரில் இருக்கிறது. வரைபடம் போட்டவர் முதலில் சொன்ன மொத்தத்துக்குள் பட்டியலை அடக்கப் பார்க்கிறார். வங்கி இவ்வளவுதான் கடன் தரும் என்று கட்டுபவரே சொல்லியிருக்கிறார். செங்கல் கட்டின் அளவைக் குறைத்து எழுத முடியாது, யாராவது அளந்து பார்த்துவிடுவார்கள். அலுமாரிக்கு 55 என்பதை 40 என்று எழுதினால் கண்டுபிடிக்க ஆளில்லை. பட்டியலில் அழுத்தினால் அமுங்கும் ஒரே இடம் இதுதான்.

வீடு கட்டித்தரும் ஒப்பந்தகாரரே பட்டியலையும் தயாரிக்கும் இடங்களில் இது இன்னும் மோசம். வேலையைப் பிடிக்க மொத்தத்தைச் சிறிதாகக் காட்டவேண்டியவரே அந்த எண்ணையும் எழுதுகிறார். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1995இல் வீட்டுக் கட்டட ஒப்பந்தங்களுக்கென்று இயற்றிய சட்டத்தில் இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்தது. ஒப்பந்தம் செய்யும் நாளில் கிடைக்கக்கூடிய தகவல்களையும் காணியின் தன்மையையும் பார்த்து, உரிய கவனத்தோடும் திறனோடும் உத்தேசத் தொகையைக் கணித்ததாகக் கட்டுநர் உறுதிகொடுத்தவராகிறார். அப்படியொரு சட்டத் துணை இல்லாத இடத்தில் கட்டுபவர் கேட்கவேண்டிய கேள்வி எளிது: இந்த எண்ணுக்கு அடியில் என்ன கடதாசி இருக்கிறது? மேற்கோள் கடிதமா, பழைய வேலையின் கணக்கா, வெறும் ஊகமா?

ஒரு பக்கத் தாள்

வாயால் சொல்வது மறந்துபோகும், அல்லது பின்னால் 'நீங்கள் அப்படிச் சொல்லவில்லையே' என்று வரும். கியூ.எஸ். ஆசிரியரிடம் ஒரு பக்கத்தில் ஒரு அட்டவணை கொடுத்தார். இரண்டாம் ஒப்பந்தகாரரின் 10 சதவீதமும் கூட வரும் கட்டட வேலைகளும் சேர்த்து, வற் வரி சேர்க்காமல், தொகை இலட்சத்தில்:

| வேலை | பட்டியலில் | வரக்கூடியது | மிஞ்சினால் |
|---|---|---|---|
| மின் வேலை | 140 | 165 | 190 |
| லிப்ட் | 90 | 118 | 130 |
| ஏசி | 60 | 66 | 80 |
| அலுமாரி, சமையலறை | 40 | 55 | 80 |
| பாறை உடைப்பு | 20 | 20 | 45 |
| மதில், முற்றம் | 50 | 56 | 65 |
| மொத்தம் | 400 | 480 | 590 |

நடு நிரலைத்தான் ஆசிரியர் தன் கணக்கில் எடுக்கவேண்டும். கடைசி நிரல் பயமுறுத்துவதற்கு அல்ல. ஆறும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது அபூர்வம். ஆனால் சில ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். ஏசி பெரிதானால் மின் பலகையும் கேபிளும் பெரிதாகும், மின்சார சபைக்குக் கட்டும் இணைப்புக் கட்டணமும் கூடலாம். ஆகவே 480க்கு மேல் இன்னும் 60 இலட்சத்தைத் தொடாமல் வைத்திருக்கச் சொன்னார்.

பிறகு மகனுக்கு அனுப்பவேண்டிய எண்ணைச் சேர்ந்து போட்டார்கள். இரண்டாமவரின் அளந்த வேலை 8.32 கோடி, வரக்கூடிய உத்தேசத் தொகை 4.80 கோடி, இரண்டும் 13.12 கோடி. வற் வரியோடு ஏறத்தாழ 15.48 கோடி. ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த மௌனம் ஒப்பமிடுவதற்கு முன்பு வருவது நல்லது. அறையின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், மூன்றாம் மாடியைப் பின்னுக்குத் தள்ளலாம், ரைல்ஸை மாற்றலாம். அத்திவாரம் போட்டபின் வரும் மௌனத்துக்கு அந்த வழிகள் இல்லை.

அட்டவணையைக் கொடுத்ததோடு கியூ.எஸ்.சின் வேலை முடியவில்லை. ஆறில் எவற்றை உத்தேசத் தொகை என்ற நிலையிலிருந்தே வெளியே எடுக்கலாம் என்று பார்த்தார்கள்.

பாறை உடைப்பு முதலில் போனது. யாழ்ப்பாணத்தில் மண்ணுக்கு அடியில் சுண்ணக்கல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எந்த ஆழத்தில் என்பதும், நீர் அரித்த பொந்துகள் எங்கே என்பதும் தான் தெரியாது. காணியின் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து குழி வெட்டிப் பார்த்தால் அரைவாசி தெரிந்துவிடும். அதன்பின் 20 இலட்சம் என்ற வரியை வெட்டிவிட்டு, 'சுண்ணக்கல் உடைத்து அகழ்தல், 150 கன மீற்றர், உத்தேச அளவு' என்று எழுதி ஒப்பந்தகாரர்களிடம் அலகு விலை கேட்கலாம். கன மீற்றருக்கு 9,000 ரூபாய் என்று வந்தால் 13.5 இலட்சம். பாறை அதிகமாகி 220 கன மீற்றர் போனாலும் 19.8 இலட்சம். இப்போது தெரியாதது அளவு மட்டுமே. விலை போட்டியில் வந்தது, பாறை தட்டியபின் பேரம் பேசி வந்ததல்ல.

மின் வேலைக்கு வரைபடம் வரும்வரை மூன்று கிழமை பொறுத்து, அதையும் அளந்த வேலையாக மாற்றினார்கள். மதிலும் முற்றமும் அளக்கக்கூடியவைதான். நேரமில்லை என்று ஒற்றைத் தொகையாக விட்டிருந்தார்கள். அதற்கும் அளவு எடுத்தாயிற்று. மிஞ்சியவை லிப்ட், ஏசி, அலுமாரி. பட்டியல் கணக்கில் 190 இலட்சம். நாலு கோடியாக இருந்தது இரண்டு கோடிக்கும் கீழே வந்தது.

மீதி மூன்றுக்கும் முடிவு நாள் எழுதினார்கள். அத்திவாரக் கொங்கிறீற் போடுவதற்கு முன்பு லிப்ட். இரண்டாம் தட்டுக்கு முன்பு ஏசி. உட்பூச்சு தொடங்குவதற்கு முன்பு அலுமாரி. ஒவ்வொன்றுக்கும் மூன்று மேற்கோள், எழுத்தில் ஒரு பணிப்பு, காசு கொடுக்கும்போது பற்றுச்சீட்டின் பிரதி. தளத்தில் நின்று வாயால் 'சரி, போடுங்கோ' என்று சொல்வதில்லை என்று ஆசிரியர் ஒப்புக்கொண்டார். மாற்றிய பட்டியலை மூன்று ஒப்பந்தகாரருக்கும் திரும்ப அனுப்பினார்கள், இம்முறை சதவீதத்தைப் பெருக்கிக் காட்டும் வரியோடு.

உங்கள் கட்டடத்தின் பி.ஓ.கியூ. கையில் இருந்தால், கடைசிப் பக்கத்தை வைத்துவிட்டுச் சுருக்கப் பக்கத்தை எடுங்கள். பி.எஸ். என்று இருக்கும் வரிகளைத் தனியே கூட்டிப் பாருங்கள். பின்னிணைப்பில் ஒப்பந்தகாரர் எழுதிய சதவீதத்தைத் தேடுங்கள். இந்த இரண்டு எண்ணும் தெரிந்தபின் ஒப்பமிடுங்கள்.